அத்தைக்கு இரவில் மஞ்சள் பால் கொடுத்தேன், ஐ.என்.ஆர். 5.2 வந்திருக்கிறது. பால்தான் காரணமா?

அஸ்தம்பட்டி மருமகள் | ஜனவரி 6, இரவு 9.40

என் மாமியாருக்கு வயது 64. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதய வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒரு முறை ரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்ப்போம். அவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் பெரும்பாலும் மூன்றை ஒட்டியே இருக்கும். அதனால் எங்களுக்கும் அந்தப் பரிசோதனை பால் கணக்குப் பார்ப்பதுபோல் பழகிப்போய்விட்டது.

டிசம்பரில் கொழுந்தனார் வீட்டுக்கு ஏற்காடு போய் மூன்று வாரம் தங்கினோம். குளிர் ஒத்துக்கொள்ளாமல் அத்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தினமும் படுக்கப் போகும் முன் மஞ்சள் பால் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு டம்ளர் பாலுக்குக் குவியலாக ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், தோட்டத்து மிளகு பத்துத் தட்டிப் போட்டது, பனங்கற்கண்டு. இருமல் அடங்கியது. அத்தைக்கும் அந்தப் பால் பிடித்துவிட்டது. இருமல் போன பிறகும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சேலம் இறங்கி வந்த மறுநாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. காய்கறிப் பையை மாட்டியிருந்த முன்கையில் பட்டையாக நீலம் பாய்ந்திருந்தது. பரிசோதித்தால் 5.2. மருத்துவர் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, "புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றேன். மஞ்சள் பாலைப் புதிது என்று யாருக்குத் தோன்றும்? வீட்டுக்கு வந்து அடுப்படியில் மிளகு டப்பாவைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நான் கொடுத்த பால்தான் காரணமா? இனிமேல் கொடுக்கவே கூடாதா? வீட்டில் குழம்புக்குப் போடும் மஞ்சளையும் நிறுத்த வேண்டுமா?

வாழப்பாடி வாத்தியார் | ஜனவரி 6, இரவு 10.15

அம்மா, வீணாக மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். குழம்பு, ரசம், கூட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் போட்டே நாம் வளர்ந்தோம். அம்மியில் அரைத்த மஞ்சளை ஒரு கொட்டைப்பாக்கு அளவு உருட்டிப் பாலில் கரைத்துக் கொடுத்தவர் என் பாட்டி. எங்கள் தெருவில் யாருக்கும் ரத்தம் கொட்டவில்லை.

நீங்கள் வாங்கிய பொடியில் சாயம் இருந்திருக்கும். அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். விரலி மஞ்சள் வாங்கி வெயிலில் காயவைத்து நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். மஞ்சளுக்கே ரத்தத்தை இளக்கும் குணம் உண்டு என்றால் அது நல்லதுதானே? மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு மஞ்சளிலேயே போகலாமே.

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 6, இரவு 10.32

ஐயா, உங்கள் கடைசி வரியை யாராவது அப்படியே செய்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். உலோக வால்வு வைத்தவர் தானாக மாத்திரையைக் குறைத்தால் வால்வின் மேலேயே ரத்தம் கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரையின் அளவை ஐ.என்.ஆர். கொண்டு அளந்து பார்த்து மாற்றுகிறோம். மஞ்சளை எதைக் கொண்டு அளப்பது? ஒரு கிழங்கில் இருக்கும் சத்து அடுத்த கிழங்கில் இருக்காது.

சகோதரி, உங்களுக்கு முதலில் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மூன்று வாரம் இந்த அளவில் மஞ்சளும் மிளகும் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாமல் அவர் மாத்திரையைக் குறைத்து, நீங்களும் பாலை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எண் கீழே விழும். மேலே போவது எவ்வளவு ஆபத்தோ அவருக்கு அதுவும் அவ்வளவு ஆபத்து.

அதுவரை கவனியுங்கள். மலம் தார்போல் கறுத்துப் போவது, சிறுநீர் சிவப்பது, திடீரென்று கடுமையான தலைவலி, தலையில் அடிபடுவது, இவற்றில் எது நடந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

ஒரு கேள்வி. அந்த மூன்று வாரத்தில் வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? சாப்பாடு வழக்கம்போல் இருந்ததா?

அஸ்தம்பட்டி மருமகள் | ஜனவரி 7, காலை 11.05

மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இதைத்தான் அன்றைக்குக் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். பாலை நிறுத்திவிட்டு ஐந்தாம் நாள் மறுபடியும் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருமலுக்காக ஏற்காட்டில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தோம். வாய் கசக்கிறது என்று அத்தை இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கஞ்சி, இட்லி, இரவில் அந்தப் பால். வீட்டில் இருந்தால் தினமும் ஏதாவது ஒரு கீரை உண்டு. அங்கே கீரையே சமைக்கவில்லை.

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 7, பிற்பகல் 2.20

அப்படியானால் பாலை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. இந்த மாத்திரை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. கீரையில் வைட்டமின் கே அதிகம். தினமும் கீரை சாப்பிடுகிறவருக்கு அதற்கு ஏற்ற அளவில் மாத்திரை அமைந்திருக்கும். கீரை நின்றால் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்யும். சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் இந்த எண்ணை ஏற்றும். ஆக மூன்று பேர் ஒரே நேரத்தில் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். யார் கை அதிகம் பட்டது என்று இப்போது சொல்ல முடியாது.

ஆனாலும் உங்கள் டம்ளரை அளந்து பார்ப்போம். குவித்த தேக்கரண்டி மஞ்சள்தூள் ஏறக்குறைய 5 கிராம் வரும். மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் அதில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால் 150 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிடும் குழம்பில் நீங்கள் போடுவது கால் தேக்கரண்டி. ஒருவர் பங்குக்கு அரைக்கால் கூட வராது. வாத்தியார் ஐயாவின் "குழம்பில் போடுகிறோமே" என்ற வாதம் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. பொருள் ஒன்றுதான், அளவு பதினைந்து மடங்குக்கும் மேல், அதுவும் ஒரே மூச்சில்.

எனக்கு மஞ்சளைவிட உங்கள் மிளகுதான் உறுத்துகிறது. குர்குமின் தனியாகப் போனால் குடல் அதை அவ்வளவாக உள்ளே விடாது. விட்டதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியே அனுப்பிவிடும். மிளகின் காரமான பைப்பரின் அந்த வெளியேற்றத்தைத் தடுக்கிறது. பெங்களூரில் நடந்து 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் இருபது மடங்கு கூடியது. மிளகு போட்டால் மஞ்சள் நன்றாக வேலை செய்யும் என்று எல்லோரும் எழுதுவது அந்த ஒரு ஆய்வை வைத்துத்தான். பத்து மிளகை நிறுத்துப் பாருங்கள், அரை கிராம் அளவில் இருக்கும். அதில் பைப்பரின் ஏறத்தாழ இருபது மில்லிகிராம் வரும். நீங்கள் தெரியாமலேயே ஆய்வுக்கூடத்து அளவைப் போட்டிருக்கிறீர்கள். மஞ்சள் மட்டும் அந்த ஆய்வில் கொடுத்ததைவிட மிகக் குறைவு.

பைப்பரினுக்கு மஞ்சள் எது, மாத்திரை எது என்று வேறுபாடு தெரியாது. அது கல்லீரலின் கையைப் பிடித்துக்கொண்டால் வேறு சில மாத்திரைகளும் உடலில் கூடுதல் நேரம் தங்கும். வலிப்புக்குத் தரும் பெனிடாயின் மிளகு சேர்ந்த சூப்போடு ரத்தத்தில் கூடியதைக் காட்டிய ஆய்வு இருக்கிறது. அத்தையின் மாத்திரையோடு மிளகுப் பால் எவ்வளவு மோதும் என்பதை யாரும் அளந்து நான் படித்ததில்லை. நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அத்தையின் மாத்திரைக்கு நெருங்கிய உறவான வார்ஃபரின் சாப்பிட்ட ஒருவர் மஞ்சள் மருந்து ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் ஐ.என்.ஆர். பத்தைத் தாண்டியது. அது கடையில் விற்கும் செறிவூட்டிய பொருள், டம்ளர் பால் அல்ல. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பயமுறுத்தவும் கூடாது, அதைக் காட்டி அலட்சியப்படுத்தவும் கூடாது.

கொண்டலாம்பட்டி தறி | ஜனவரி 7, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். கல் இருப்பவர்கள் மஞ்சள் பால் குடிக்கலாமா என்ற விவாதம் நடப்பதாக நண்பர் சொல்லி வந்தேன். எனக்குக் கல் இருக்கிறது. ஸ்கேனில் 9 மில்லிமீட்டர் என்று வந்தது. ஆறு மாதமாக வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன், தறியை விட்டு எழுந்து எழுந்து தண்ணீரும் குடிக்கிறேன். உடல் வலிக்கு நல்லது என்று வீட்டில் ஒரு மாதமாக இரவில் மஞ்சள் பால் தருகிறார்கள். குடித்த சில இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது, முதுகுப் பக்கம் ஓடுகிறது. இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. மஞ்சள் சூடு என்பதாலா? மிளகுக்குப் பதில் சீரகம் போடலாமா?

வாழப்பாடி வாத்தியார் | ஜனவரி 7, இரவு 9.10

தம்பி, இது ரத்தம் உறையும் விவகாரம், கல் விவகாரம் அல்ல. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். மஞ்சளில் ஆக்சலேட் இருக்கிறது, அது சிறுநீரகக் கல்லை வளர்க்கும் என்று ஒரு மருத்துவர் பத்திரிகையில் எழுதியதைப் படித்திருக்கிறேன். நிறுத்துங்கள். பாலும் கூடாது, அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 7, இரவு 9.45

ஐயா, முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தலைகீழ். மஞ்சளில் ஆக்சலேட் உண்டு, அதுவும் கரையும் வகை என்பதால் எளிதாக உடலில் சேரும். ஆனால் பாலில் இருக்கும் கால்சியம் குடலிலேயே அந்த ஆக்சலேட்டைப் பிடித்துக் கட்டி மலத்தோடு அனுப்பும். ஆக்சலேட் கல் உள்ளவர் மஞ்சள்தூளை வெந்நீரில் கலக்கிக் குடிப்பதைவிடப் பாலில் குடிப்பது பரவாயில்லை. தினமும் ஒரு தேக்கரண்டி என்பது அவர்களுக்கு எப்படியும் அதிகம்தான்.

கொண்டலாம்பட்டித் தம்பி, எனக்கு உங்கள் கல்லின் மேலேயே சந்தேகம். சிறுநீரகக் கல்லின் வலி இடுப்பின் பக்கவாட்டிலிருந்து கீழே தொடை இடுக்குக்கு இறங்கும். நீங்கள் சொல்வது வலது விலாவுக்குக் கீழே, பால் குடித்த பிறகு, முதுகுக்கு ஓடுவது. ஸ்கேன் அறிக்கையை எடுத்து, கல் எந்த உறுப்பில் இருக்கிறது என்று ஒரு முறை படித்துச் சொல்லுங்கள்.

மஞ்சக்குட்டை தோட்டக்காரர் | ஜனவரி 8, காலை 6.30

எங்கள் ஏற்காட்டு மிளகின் பெயர் அடிபடுவதால் வருகிறேன். இங்கே காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடியை ஏற்றியிருக்கிறோம். மிளகு வாசனையாக இருந்தால் குறைவாகப் போட வேண்டும், கூடுதலாக அல்ல. பத்து மிளகைத் தட்டிப் போட்ட பால் மருந்துக் கஷாயம். அதை இரவில் குடித்தால் நெஞ்சு எரியும், அத்தை எப்படிக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்றுதான் எனக்கு வியப்பு.

மாத்திரை எதுவும் சாப்பிடாத எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளைப் போட்டு, சிறு தீயில் நான்கைந்து நிமிடம் கொதிக்க விடுவோம். பச்சை வாடை போய், மண் வாசனை அடங்கி, தண்ணீர் பாதியாகும். மஞ்சள் பாலை வெறுக்கும் பிள்ளைகள் அனைவரும் இந்தப் படியைத் தவிர்த்த வீடுகளில் வளர்ந்தவர்கள் என்பது என் கணிப்பு. பிறகு ஒரு டம்ளர் பாலை ஊற்றி, இரண்டே இரண்டு மிளகைத் தட்டிப் போட்டு, பொங்கி எழுந்ததும் தீயைக் குறைத்து இன்னும் இரண்டு மூன்று நிமிடம். இறக்கி வடிகட்டிய பிறகுதான் இனிப்பு. கருப்பட்டியோ வெல்லமோ அடுப்பில் இருக்கும்போதே போட்டால் சில சமயம் பால் திரிந்துவிடும். பனங்கற்கண்டில் அந்தத் தொல்லை குறைவு. இஞ்சி சேர்ப்பவர்கள் அதைத் தண்ணீரோடு முதலிலேயே கொதிக்க வைக்க வேண்டும். பச்சை இஞ்சியை இளஞ்சூட்டுப் பாலில் பிழிந்தால் பால் திரிந்து கட்டியாகிவிடும்.

கொழுப்பில்தான் மஞ்சள் கரையும். ஆடை எடுக்காத பால் என்றால் நெய் தனியாகத் தேவையில்லை. அடியில் வண்டலாகத் தங்குவதைக் கலக்கிக் குடிக்கச் சொல்வார் என் அம்மா. நான் விட்டுவிடுவேன்.

தலைவாசல் கிழங்கு | ஜனவரி 8, மதியம் 1.15

வாத்தியார் சொன்ன சாயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், நான் மஞ்சள் போடுகிறவன். கிழங்கை வெட்டியதும் வேகவைத்து, இரண்டு வாரம் காயவைத்து, டிரம்மில் போட்டுச் சுற்றித் தோல் நீக்குவோம். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பளபளப்புக்காகச் சிலர் நிறம் தூவுகிறார்கள். வாங்குகிறவர் கண்ணைப் பார்த்து விலை சொல்வதால் வரும் வினை.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அரைத் தேக்கரண்டி தூளை மேலே தூவிவிட்டு, கலக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். நல்ல தூள் கீழே இறங்கும், மேல் தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுதும் அடர் மஞ்சளானால் அதில் கரையும் சாயம் இருக்கிறது. ஆனால் ஈயம் கலந்த குரோமேட் நிறம் தண்ணீரில் கரையாது, அதுவும் தூளோடு கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இந்தச் சோதனையில் தேறியதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். அந்த ஈயம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. ரத்தம் உறையும் எண்ணை இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றிவிடும் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் முழு விரலி வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வெளியே பளிச்சென்று மின்னி உள்ளே வெளிறியிருந்தால் வேண்டாம். கஸ்தூரி மஞ்சள் வேறு கிழங்கு, முகத்துக்குப் பூசுவது. பாலில் போட்டுவிட்டுக் கசக்கிறது என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

சூரமங்கலம் சித்தி | ஜனவரி 8, மாலை 4.40

இதையும் கேட்டுவிடுகிறேன். என் அக்கா மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாந்தி வருகிறது என்று இரவில் மஞ்சள் பாலோடு சேர்த்து விழுங்குகிறாள். இரண்டு மாதமாகியும் ஹீமோகுளோபின் 9-ஐ விட்டு நகரவில்லை.

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 8, மாலை 5.30

மாத்திரையையும் பாலையும் பிரித்துவிடுங்கள், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். பாலின் கால்சியமும் மஞ்சளும் இரண்டுமே இரும்பைக் குடலில் சேரவிடாமல் தடுப்பவை. இருவரையும் காவலுக்கு நிறுத்திவிட்டு மாத்திரையை உள்ளே அனுப்பினால் எப்படிச் சேரும்? எலுமிச்சைச் சாற்றோடு பகலில் விழுங்கச் சொல்லுங்கள். கர்ப்பிணி குழம்பில் மஞ்சள் சாப்பிடுவதில் தவறில்லை. தேக்கரண்டிக் கணக்கில் பாலில் வேண்டாம், குர்குமின் மாத்திரை நிச்சயமாக வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவரிடம் வேறு வகை இரும்புச்சத்தைக் கேட்கலாம். ஒன்பது நகராததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

கொண்டலாம்பட்டி தறி | ஜனவரி 8, இரவு 9.00

அறிக்கையை எடுத்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராததால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் படிக்கச் சொன்னேன். இரண்டு சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவாம். கல் பித்தப்பையில் இருக்கிறதாம். ஆறு மாதமாக நான் குடித்த வாழைத்தண்டுச் சாறு யாருக்குப் போனது?

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 8, இரவு 9.25

சிறுநீரகங்கள் உங்களை வாழ்த்திக்கொண்டிருக்கும். பித்தப்பைக் கல்லுக்கும் வாழைத்தண்டுக்கும் தொடர்பே இல்லை, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அது அசையாது.

உங்கள் இரவு வலிக்கு இப்போது வழி தெரிகிறது. கொழுப்பு வயிற்றுக்குப் போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைப் பிழிந்துவிடும். ஆடையோடு கூடிய பால் அந்த வேலையைச் செய்கிறது. குர்குமினும் தனியாகப் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். வெறும் 20 மில்லிகிராமிலேயே அது சுருங்கியதை ஸ்கேன் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அரைத் தேக்கரண்டித் தூளே அந்த அளவைத் தாண்டிவிடும். கல் இல்லாதவருக்கு அது சீரணத்துக்கு உதவி. கல் இருக்கும் பை சுருங்கினால் கல் போய் அதன் வாயில் அடைக்கும், வலி கிளம்பும். மஞ்சளின் சூடும் சீரகத்தின் குளிர்ச்சியும் இதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

மஞ்சள் பாலை இன்றோடு நிறுத்துங்கள். அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, அன்றைக்கே மருத்துவமனை. கண் மஞ்சளானதற்கு மஞ்சள் பால்தான் காரணம் என்று வீட்டில் யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள்.

வாழப்பாடி வாத்தியார் | ஜனவரி 9, காலை 7.20

மாத்திரையைக் குறைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தவறுதான். ஆனால் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மஞ்சளும் மிளகும் சேர்வது பாலில் மட்டுமா? நம் மிளகு ரசத்தில் இரண்டும் இருக்கின்றன. வால்வு வைத்தவர்கள் ரசம் சாப்பிடக் கூடாது என்றால் அது சாப்பாடே இல்லை.

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 9, காலை 8.05

நல்ல கேள்வி, ஐயா. ரசம் சாப்பிடலாம். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுகிறவருக்கு, அந்த ரசத்தையும் சேர்த்துத்தான் மாத்திரையின் அளவு அமைந்திருக்கிறது. திடீரென்று ஒன்றை மூன்று வாரம் ஏற்றுவதும் திடீரென்று நிறுத்துவதும்தான் தராசை ஆட்டுகிறது. கீரைக்கும் இதே விதிதான். பயந்துகொண்டு கீரையை அறவே விடும் நோயாளிகளை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

வாரம் ஒரு முறை இரண்டு மிளகு போட்ட மஞ்சள் பால் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், என்னிடம் திட்டமான பதில் இல்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கி, ஒரு வாரத்தில் எண் பார்ப்பது ஒரு வழி. அவ்வளவு தூரம் போக வேண்டிய பானமா அது என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் பனங்கற்கண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதுவும் சர்க்கரைதான்.

மஞ்சக்குட்டை தோட்டக்காரர் | ஜனவரி 9, காலை 8.40

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. என் அண்ணனுக்கும் வால்வு மாற்றியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டாக வாரம் இரண்டு முறை மஞ்சள் பால் குடிக்கிறார், எண் ஆடியதில்லை.

ஓமலூர் மருந்தாளர் | ஜனவரி 9, காலை 9.00

பன்னிரண்டு ஆண்டாகக் குடிக்கிறார் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவரை மூன்று வாரம் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

அஸ்தம்பட்டி மருமகள் | ஜனவரி 29, இரவு 8.10

எல்லோரும் பொறுத்தருள வேண்டும், பொங்கல் வேலையில் எழுத முடியவில்லை. பாலை நிறுத்திய ஐந்தாம் நாள் 3.4. கீரையும் வழக்கமான சாப்பாடும் திரும்பிய பிறகு நேற்றுப் பார்த்தது 2.8. மாத்திரை பழைய அளவுக்கே வந்துவிட்டது. பாலா, ஆன்டிபயாடிக்கா, கீரையா என்று மருத்துவரிடம் கேட்டேன். "மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு என்னிடம் கேட்டால் நான் எப்படிச் சொல்வேன்?" என்றார். மாத்திரை எழுதியிருக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக வாயில் போடுவது எதுவாக இருந்தாலும் தேதியோடு எழுதச் சொன்னார். அத்தை முதல் வரியாக எள்ளுருண்டை என்று எழுதி வைத்திருக்கிறார்.

இரவில் இப்போது வெறும் பால், பனங்கற்கண்டு. டம்ளரைக் கையில் வாங்கியதும் "என்ன இது, நோயாளிப் பால்" என்பார், குடித்துவிடுவார். ஏற்காட்டிலிருந்து கொழுந்தனார் மறுபடியும் ஒரு கிலோ மிளகு கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை அலமாரியின் மேல் தட்டில், அத்தைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

கொண்டலாம்பட்டி தறி | ஜனவரி 30, காலை 6.50

எனக்கு அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி அறுவை சிகிச்சை. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மஞ்சள் பாலோ மஞ்சள் மாத்திரையோ கூடாது என்று அவர்களும் சொன்னார்கள், ரத்தம் நிற்பது தாமதமாகலாமாம். நான்தான் அன்றைக்கே நிறுத்திவிட்டேனே என்றேன். வீட்டில் வாழைத்தண்டு மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, காய்கறிக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. மகள் பொரியல் செய்யச் சொல்கிறாள்.